முதல் வேலையில் கூடுதல் சம்பளமா, கூடுதல் கற்றலா: பத்தாண்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் முறை

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து மடிவாளாவில் ஒரு பி.ஜி.யில் தங்கியிருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, இரண்டு ஆஃபர் லெட்டர்களை எனக்கு அனுப்பிவிட்டு, "அண்ணா, எதுல சேரட்டும்?" என்று கேட்டாள். முதல் கடிதம் எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து வந்தது. ஆண்டுக்கு 7.5 லட்சம் ரூபாய் சி.டி.சி.; வேலை, வெளிநாட்டு வங்கி ஒன்று தனக்கென்று உருவாக்கி வைத்திருக்கும் ஒரு மென்பொருளைப் பராமரிப்பது. இரண்டாவது, எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் நாற்பது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனத்துடையது. சி.டி.சி. 5 லட்சம், வேலை, கடைக்காரர்களுக்கான பில்லிங் மென்பொருளை எழுதுவது. ஊரில் அவளுடைய அப்பா முதலாவதைத்தான் எடுக்கச் சொன்னார். கல்லூரிச் சீனியர்கள் இரண்டாவதை எடு, கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். இரு தரப்பிலும் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

நான் இந்த நகரத்து மென்பொருள் துறையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம், அதாவது ஆள் எடுக்கும் பக்கத்தில். அன்று அவளோடு உட்கார்ந்து செய்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதிகச் சம்பளம் தரும் வேலையே நன்றாகக் கற்றுத்தருவதாகவும் இருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை, போய்ச் சேர்ந்துவிடலாம். பெங்களூரில் அப்படிப்பட்ட வேலைகள் பல உண்டு. கையிலிருக்கும் இரண்டு கடிதங்கள் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போதுதான் கீழே உள்ள படிகள் பயன்படும்.

முதல் படி: சி.டி.சி.யை உரித்துப் பார்ப்பது

சி.டி.சி. என்பது நிறுவனத்திற்கு உங்களால் ஆகும் செலவு. உங்கள் கையில் வரும் சம்பளம் அதுவன்று. 7.5 லட்சத்திற்கும் 5 லட்சத்திற்கும் இடையே 2.5 லட்சம் வித்தியாசம், மாதத்திற்கு ஏறத்தாழ 20,800 ரூபாய் என்று அவள் மனத்துக்குள் கணக்கு வைத்திருந்தாள். கடிதத்தின் பின்னிணைப்பைத் திறந்து வரி வரியாகப் பார்த்தோம்.

பெரிய நிறுவனத்தின் 7.5 லட்சத்தில், நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு 21,600 ரூபாய், பணிக்கொடைக்கான ஒதுக்கீடு 18,000 ரூபாய், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 10,400 ரூபாய், வேரியபிள் பே 75,000 ரூபாய், ஒரே ஒருமுறை தரும் சேர்க்கை போனஸ் 50,000 ரூபாய் ஆகியவை அடங்கியிருந்தன. இவற்றைக் கழித்தால் மாதாமாதம் பிரித்துத் தரும் நிலையான சம்பளம் ஆண்டுக்கு 5.75 லட்சம். சிறு நிறுவனத்தின் 5 லட்சத்தில் பி.எஃப்., பணிக்கொடை, காப்பீடு மூன்றும் சேர்ந்து 40,000 ரூபாய். வேரியபிள் என்ற ஒன்றே இல்லை. ஆகவே அங்கே நிலையான சம்பளம் 4.60 லட்சம். இரண்டிலிருந்தும் தொழிலாளர் பங்கு பி.எஃப். மாதம் 1,800 ரூபாயையும் கர்நாடகத்தின் தொழில் வரி மாதம் 200 ரூபாயையும் கழித்தோம். புதிய வருமான வரி முறையில் இந்த அளவு வருமானத்திற்கு வரி வராது. கடைசியில் வங்கிக் கணக்கில் விழும் தொகை முதலாவதில் சுமார் 45,900 ரூபாய், இரண்டாவதில் சுமார் 36,300 ரூபாய். மாத வித்தியாசம் 20,800 அன்று, 9,600 ரூபாய்தான்.

இங்கே இரண்டு வரிகளைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பணிக்கொடை என்பது நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக ஐந்தாண்டு தொடர்பணிக்குப் பிறகே கிடைப்பது. மூன்றாம் ஆண்டில் வேலை மாறப்போகிறவருக்கு அந்த 18,000 ரூபாய் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. வேரியபிள் பே நிறுவனத்தின் லாபத்தையும் உங்கள் குழுவின் மதிப்பீட்டையும் பொறுத்தது. சென்ற இரண்டு ஆண்டுகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதில் எத்தனை விழுக்காடு உண்மையில் வந்தது என்று மனிதவளத் துறையிடம் கேட்பதைவிட, அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு கல்லூரிச் சீனியரிடம் கேட்பது நல்லது. நாங்கள் 80 விழுக்காடு, அதாவது 60,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொண்டோம். ஆக, பத்தாண்டுக் கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய தொடக்க எண்கள் 6.35 லட்சமும் 4.60 லட்சமும் ஆகும்.

இரண்டாம் படி: குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும்

இது சுருக்கமான படி. ஆனால் இதில் தவறியவர் மற்றப் படிகளுக்குப் போகக்கூடாது. மாத வரவு எவ்வளவுக்குக் கீழே போனால் கடன் வாங்க வேண்டியிருக்கும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அவளுடைய தாளில் இரண்டு பேர் தங்கும் அறையில் சாப்பாட்டுடன் பி.ஜி. 9,500 ரூபாய், போக்குவரத்து 2,000 ரூபாய், கைபேசி முதல் உடுப்பு வரை மற்றச் செலவு 5,000 ரூபாய், வீட்டுக்கு அனுப்ப 8,000 ரூபாய் என்று இருந்தது. கல்விக் கடன் 4 லட்சம் ரூபாய், 10.5 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைப்பதானால் இ.எம்.ஐ. ஏறத்தாழ 6,750 ரூபாய். மொத்தம் 31,250 ரூபாய். 36,300 ரூபாய் சம்பளத்தில் மாதம் 5,000 ரூபாய் மிஞ்சும். இறுக்கம்தான், ஆனாலும் நடக்கும்.

இந்தத் தொகை 38,000 ரூபாய் என்று வந்திருந்தால், வீட்டில் மருத்துவச் செலவோ தங்கையின் படிப்புச் செலவோ இருந்திருந்தால், நான் அவளைப் பெரிய நிறுவனத்திலேயே சேரச் சொல்லியிருப்பேன். கிரெடிட் கார்டு வட்டி கட்டிக்கொண்டு யாரும் மாலையில் உட்கார்ந்து புதிதாக ஒன்றைப் படித்து நான் பார்த்ததில்லை. கற்றல் உள்ள வேலையைத் தேர்ந்தெடுத்தவர், பணநெருக்கடி தாங்காமல் ஒன்பதாம் மாதத்திலேயே கிடைத்த வேலைக்குத் தாவினால், சம்பளமும் போயிருக்கும், கற்றலும் போயிருக்கும்.

மூன்றாம் படி: 'கற்றல்' என்பதை அளப்பது

பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். சம்பளத்தைக் கடிதத்தில் எண்ணாகவே எழுதித் தருகிறார்கள்; கற்றலோ நேர்காணலில் ஒருவர் சிரித்த முகத்துடன் சொன்ன வாக்கியமாக மட்டும் இருக்கிறது. அதையும் ஏதாவது ஓர் அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பொருளியலாளர் கேரி பெக்கர் 1960களில் ஒரு பிரிவினையைத் தெளிவாக வகுத்தார். ஒருவர் வேலையில் கற்பவற்றில் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் விலைபோகும் பொதுத் திறனும் உண்டு. அந்த ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் தனித் திறனும் உண்டு. பொதுத் திறனைக் கற்பிக்கும் செலவை நிறுவனம் ஏற்க விரும்பாது, ஏனென்றால் கற்றவர் அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம். எனவே அந்தச் செலவைத் தொழிலாளரே குறைந்த சம்பளத்தின் வடிவில் ஏற்கிறார் என்பது அவருடைய வாதம். சிறு நிறுவனம் 1.75 லட்சம் குறைவாகத் தருவதை ஒரு பயிற்சிக் கட்டணமாகப் பார்க்கலாம். ஆனால் குறைந்த சம்பளம் தருகிற எல்லா இடத்திலும் அந்தப் பயிற்சி நடக்கிறது என்று பொருளாகாது. கட்டணம் வாங்கிவிட்டு வகுப்பே எடுக்காத இடங்களும் உண்டு.

நாங்கள் செய்த சோதனை எளிமையானது. இரண்டு முதல் நான்கு ஆண்டு அனுபவம் கேட்கும், அவள் மூன்றாண்டு கழித்துப் போக விரும்பும் மாதிரியான வேலை விளம்பரங்கள் பத்தை எடுத்தோம். ஒவ்வொன்றிலும் கேட்கப்பட்ட திறன்களைப் பட்டியலிட்டு, இந்த இரண்டு வேலைகளும் அவற்றில் எவற்றைக் கைப்பழக்கமாகத் தரும் என்று குறித்தோம். படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியதைச் சேர்க்கவில்லை. வேலையிலேயே செய்து பார்த்து, நேர்காணலில் 'இதை நான் செய்தேன், இப்படி உடைந்தது, இப்படிச் சரிசெய்தேன்' என்று சொல்லக்கூடியதை மட்டும் சேர்த்தோம். தரவுத்தளம் வடிவமைத்தல், ஏ.பி.ஐ. எழுதுதல், கிளவுடில் ஏற்றுதல், வாடிக்கையாளர் பிரச்சினையை லாக் பார்த்துக் கண்டுபிடித்தல் ஆகியவை பத்து விளம்பரங்களில் ஏழெட்டில் வந்தன. பில்லிங் மென்பொருள் வேலை இவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடும். வங்கி வேலை, அந்த வங்கிக்கு வெளியே யாரும் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு கருவியில், வரும் டிக்கெட்டை மூடுவதாக இருந்தது. அதைத் திறம்படச் செய்பவருக்கு அந்தத் திட்டத்துக்குள் மதிப்பு உண்டு. வெளியே அதைக் கேட்டுவரும் விளம்பரம் பத்தில் ஒன்றுகூட இல்லை.

அடுத்து, கற்பிக்க ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சிறு நிறுவனங்களில் 'இங்கே எல்லாம் கற்கலாம்' என்பதன் உண்மையான பொருள் சில வேளைகளில் 'இங்கே எல்லாவற்றையும் நீயே செய்ய வேண்டும், சொல்லித்தர யாரும் இல்லை' என்பதாக இருக்கும். நான் எழுதும் நிரலை யார் பார்த்துத் திருத்துவார், அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம், அவருக்குக் கீழே என்னைப் போல எத்தனை பேர், முதல் மூன்று மாதத்தில் நான் எழுதியது எப்போது வாடிக்கையாளர் கைக்குப் போகும் என்று கேட்கச் சொன்னேன். ஒரு மூத்தவருக்கு மூன்று நான்கு இளையவர் என்றால் சரி. எட்டு பேர் என்றால் கோட் ரிவ்யூ பெயரளவுக்குத்தான் நடக்கும். அவளுக்குக் கிடைத்த விடை: பத்தாண்டு அனுபவமுள்ள ஒருவர், அவருக்குக் கீழே மூவர். இந்த விடையைவிட முக்கியமானது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது. அவர்களில் இருவர் நல்ல நிறுவனங்களுக்குப் போயிருப்பதை லிங்க்ட்இனில் பார்த்தோம். எங்கிருந்து யாருமே நல்ல இடத்துக்குப் போகவில்லையோ, அங்கே கற்ற கல்வி சந்தையில் செல்லுபடியாகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சிறு நிறுவனம் இரண்டு ஆண்டு நிற்குமா என்பதையும் ஓரளவு பார்க்க முடியும். ஈ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் Establishment Search என்ற பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால், எந்த மாதத்துக்கு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பி.எஃப். கட்டினார்கள் என்பது தெரியும். ஆள் எண்ணிக்கை மாதாமாதம் சரிகிறதா, பணம் தாமதமாகக் கட்டப்படுகிறதா என்று அங்கே பாருங்கள். பி.எஃப். தாமதமாகிற இடத்தில் சம்பளமும் தாமதமாகும் நாள் தொலைவில் இருப்பதில்லை. பி.எஃப். கணக்கே இல்லாத நிறுவனமென்றால் இந்த வழி பயன்படாது. அங்கே வேலை செய்பவரின் வாய்மொழியை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.

நான்காம் படி: பத்தாண்டுக் கணக்கு

சம்பளம் நேர்கோட்டில் ஏறுவதில்லை, படிக்கட்டாக ஏறுகிறது. ஒரே இடத்தில் இருக்கும்போது ஆண்டு உயர்வு சிறிய படி. வேலை மாறும்போது கிடைப்பது பெரிய படி. நம் நாட்டில் புதிய நிறுவனம் பெரும்பாலும் 'இப்போதைய சி.டி.சி. எவ்வளவு' என்று கேட்டு, அதன்மேல் இத்தனை விழுக்காடு என்றுதான் பேசத் தொடங்குகிறது. ஆகவே முதல் சம்பளம் அந்த ஓராண்டோடு முடிந்துபோகும் விஷயம் அன்று. பத்தாண்டு வரை நிழலாகப் பின்தொடரும். இதைத்தான் அவளுடைய அப்பா உள்ளுணர்வால் சொன்னார், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

கீழே உள்ள எண்கள் அனைத்தும் என் எடுகோள்கள். இரண்டு வேலைகளிலும் ஆண்டு உயர்வு ஒரே அளவு, 8 விழுக்காடு என்று வைத்தேன், எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பதற்காக. வித்தியாசம் பெரிய படிகளில் மட்டும். வங்கித் திட்டத்தில் சேர்ந்தவர் நான்காம் ஆண்டின் தொடக்கத்திலும் ஏழாம் ஆண்டின் தொடக்கத்திலும் வேலை மாறுகிறார். சந்தையில் பெரிய தேவை இல்லாததால் ஒவ்வொரு முறையும் 20 விழுக்காடு உயர்வு. பில்லிங் நிறுவனத்தில் சேர்ந்தவர் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மாறுகிறார். ஒவ்வொரு முறையும் 35 விழுக்காடு. எந்த விரிதாளிலும் இதை இரண்டு வரியில் போட்டுப் பார்க்கலாம்.

```
=6.35*1.08^7*1.20^2
=4.60*1.08^6*1.35^3
```

முதல் வரியின் விடை 15.67 லட்சம், இரண்டாவதன் விடை 17.96 லட்சம். பத்தாம் ஆண்டுச் சம்பளத்தில் கற்றல் உள்ள வேலை 2.3 லட்சம் முந்துகிறது. இதைக் காட்டியவுடன் அவள் முகம் மலர்ந்தது. ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை.

பத்து ஆண்டுகளிலும் வாங்கிய சம்பளத்தை ஆண்டு ஆண்டாகக் கூட்டினால், பெரிய நிறுவனத்தில் தொடங்கியவர் கையில் மொத்தம் 105.5 லட்சம் வந்திருக்கும். சிறு நிறுவனத்தில் தொடங்கியவர் கையில் 100.2 லட்சம். பத்தாம் ஆண்டு முடிவிலும் அவர் 5.3 லட்சம் பின்தங்கியே இருக்கிறார். அதன் பிறகு இருவருக்கும் ஆண்டு உயர்வு மட்டும் கிடைத்தாலும், மொத்தத் தொகையில் எட்டிப் பிடிப்பது பதின்மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில்தான். முன்கூட்டியே வந்த பணத்தை ஒருவர் ஒழுங்காகச் சேமித்து வட்டி ஈட்டியிருந்தால் அந்த நாள் இன்னும் தள்ளிப்போகும். 'பத்தாண்டில் எது லாபம்' என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு: பத்தாம் ஆண்டில் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்பது ஒன்று, பத்தாண்டில் எவ்வளவு சேர்ந்தது என்பது மற்றொன்று. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று சொல்லாமல் அறிவுரை கூறுகிறவர்களால்தான் குழப்பம் வருகிறது.

இன்னும் கூர்மையாகப் பார்த்தால், முந்துவதற்கான காரணம் கற்றல்கூட அன்று, கற்றதைக் காலத்தில் விற்றதுதான். அதே கணக்கில், சிறு நிறுவனத்தில் தொடங்கியவருக்கு மூன்று முறையும் 35க்குப் பதில் 25 விழுக்காடே கிடைத்தால் பத்தாம் ஆண்டுச் சம்பளம் 14.3 லட்சமாகக் குறைகிறது. 35 விழுக்காடே கிடைத்து, மூன்று மாற்றங்களில் ஒன்று மட்டும் தவறிப்போனால் 14.4 லட்சம். இரண்டும் 15.67க்குக் கீழே. அதாவது நன்றாகக் கற்று, 'இங்கே எல்லாரும் குடும்பம் மாதிரி' என்று ஐந்தாறு ஆண்டு அதே சம்பளக் கோட்டில் உட்கார்ந்துவிடுபவர், கற்றலும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் போனவரைவிடப் பெரிதாக மேம்பட்டுவிடுவதில்லை. நான் ஆள் எடுக்கும் இடத்தில் இப்படிப்பட்டவர்களை அடிக்கடி பார்க்கிறேன். திறமையில் முதல் வரிசை, சம்பளத்தில் மூன்றாம் வரிசை.

மாற்றம் ஒன்று தவறிப்போவது எப்போதும் நம் சோம்பலால் அன்று, சந்தையாலும் நேரும். 2021, 2022இல் பெங்களூரில் ஆள் கிடைக்காமல் நிறுவனங்கள் ஏலம் கேட்டதையும், 2023இல் அதே நிறுவனங்கள் கதவைச் சாத்தியதையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். குறைவான இடத்தில் தொடங்கியவரின் கதி என்ன என்பதற்குக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு வெளிச்சம் தருகிறது. ஒரெயோபோலஸ், வான் வாக்டர், ஹெய்ஸ் ஆகிய மூவர் 2012இல் வெளியிட்ட அந்த ஆய்வு, பொருளாதார மந்தத்தின்போது பட்டம் பெற்றவர்களின் வருமானத்தைப் பின்தொடர்ந்தது. அவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவாகச் சம்பாதித்தார்கள். அந்த இடைவெளி படிப்படியாகக் குறைந்து மறையச் சுமார் பத்தாண்டு ஆனது. இடைவெளியை விரைவாக மூடியவர்கள், மேலும் நல்ல நிறுவனங்களுக்கு மாறிப்போக முடிந்தவர்கள். அது வேறு நாடு, அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த குறைந்த சம்பளமும் அன்று. ஆனாலும் 9 விழுக்காட்டை ஈடுகட்டவே பத்தாண்டு ஆகலாம் என்றால், நாம் 28 விழுக்காடு குறைவாகத் தொடங்கும்போது மாறிப்போகும் வழியை முதல் நாளிலிருந்தே திறந்து வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வெளியேறும் வாசலைப் படிப்பது

ஆகவே கையெழுத்திடும் முன் வெளியேறும் விதிகளைப் படியுங்கள். பெரிய நிறுவனத்தின் கடிதத்தில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஓராண்டுக்குள் போனால் சேர்க்கை போனஸ் 50,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். சிறு நிறுவனத்தில் 30 நாள். 90 நாள் என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் 'உடனே சேர முடியுமா' என்று கேட்கும் நிறுவனங்கள் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. அந்தக் கணக்கில் வங்கித் திட்டத்தவருக்கு மூன்றுக்குப் பதில் இரண்டே மாற்றங்கள் என்று நான் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சில சிறு நிறுவனங்கள் இரண்டு ஆண்டு பாண்ட் கேட்கும். 'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு பொதுத்துறை வங்கியின் மூன்றாண்டு பாண்டில் இருந்த 2 லட்சம் ரூபாய் இழப்பீட்டு விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. தொகை நியாயமானதா என்பதைப் பொறுத்துத்தான் ஒவ்வொரு வழக்கும் அமையும். புதிதாக வேலைக்கு வந்தவர் அதை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்கும் நிலையில் இருப்பதில்லை. மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவைக்கச் சொன்னால், அங்கே எவ்வளவு கற்கக் கிடைத்தாலும் சேர வேண்டாம்.

சேர்ந்த பிறகு பதினெட்டாம் மாதத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் வெளியே இரண்டு நேர்காணல்களுக்குச் சென்று வர வேண்டும். கேள்விகளுக்குச் சொந்த அனுபவத்திலிருந்து பதில் வந்து, பேச்சு 35 விழுக்காட்டை ஒட்டி நடந்தால் கட்டணம் செலுத்திய கல்வி உங்களுக்குள் ஏறியிருக்கிறது. எந்தக் கேள்விக்கும் படித்ததை மட்டுமே சொல்ல முடிந்தால், அல்லது கடைசி ஆறு மாதத்தில் புதிதாக உடைந்து புதிதாகச் சரிசெய்த எதையும் நினைவுக்குக் கொண்டுவர முடியாவிட்டால், அங்கே கற்றல் முடிந்துவிட்டது. அதன் பிறகு நீங்கள் இழப்பது சம்பளம் மட்டும்தான்.

ஆறாம் படி: சேரும் முன் கேட்பது

ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய நிறுவனத்தில் புதியவருக்கான சம்பளம் பெரும்பாலும் பேசித் தீர்ப்பதாக இருக்காது. நாற்பது பேர் நிறுவனத்தில் அதை முடிவு செய்பவர் பக்கத்து அறையில்தான் இருப்பார். கையில் வேறொரு கடிதம் இருக்கும்போது கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

எவ்வளவு கேட்பது? மேலே போட்ட கணக்கில் சிறு நிறுவனத்தில் தொடங்கியவரின் பத்தாண்டு மொத்தம், தொடக்கச் சம்பளத்தைப் போல் ஏறத்தாழ 22 மடங்கு. எல்லா உயர்வும் விழுக்காட்டில் வருவதால், முதல் ஆண்டில் கூடுதலாகக் கேட்டு வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் பத்தாண்டில் 22 ரூபாய் ஆகிறது. நிலையான சம்பளம் 4.60லிருந்து 5.00 லட்சம் ஆனால், அதாவது மாதம் 3,300 ரூபாய் மட்டும் கூடினால், பத்தாண்டு மொத்தம் 108.9 லட்சமாகிறது, பெரிய நிறுவனத்தின் 105.5ஐத் தாண்டிவிடுகிறது. பதின்மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டிய ஈடு, பத்தாண்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. முழு இடைவெளியையும் மூடச் சொல்லிக் கேட்டால் கொடுக்கமாட்டார்கள்; இந்த 40,000 ரூபாயைக் கேட்டால் கொடுக்கக்கூடும்.

அவள் எழுதிய மின்னஞ்சல் நான்கு வரிதான். உங்கள் வேலையையே விரும்புகிறேன், கையில் இன்ன தொகைக்கு மற்றொரு கடிதம் இருக்கிறது, நிலையான சம்பளத்தை 5 லட்சமாக்க முடியுமா, முடியாவிட்டால் ஒன்பதாம் மாதத்தில் சம்பளத்தை மறுபரிசீலனை செய்வதாகக் கடிதத்திலேயே எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். 'எழுதித் தர' என்ற சொல்லை நான்தான் சேர்க்கச் சொன்னேன், ஏனென்றால் வாய்ச்சொல்லில் தந்த வாக்கு மேலாளர் மாறினால் அவரோடு போய்விடும். இரண்டு நாள் கழித்து 4.90 லட்சமும், மறுபரிசீலனை குறித்த ஒரு வரியும் உள்ள புதிய கடிதம் வந்தது. அவள் ஜூலையில் சேர்ந்தாள். முதல் மாதத்திலிருந்தே தான் உடைத்ததையும் சரிசெய்ததையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவருகிறாள். பதினெட்டாம் மாத நேர்காணல்களுக்கு அந்த நோட்டைத்தான் எடுத்துக்கொண்டு போவாள்.